ஸ்பாட்டிங்ல மியூசிக் டைரக்டர் கூட உட்காரும்போது எங்க மியூசிக், எங்க சும்மா விடணும்?

"9 நிமிஷ அனிமேஷன் ஷார்ட் ஃபிலிம் ஒண்ணு முடிக்கிற நிலைமையில இருக்கேன். அடுத்த வாரம் மியூசிக் டைரக்டர் கூட ஸ்பாட்டிங் உட்காரணும். எங்க மியூசிக் உள்ள வரணும், எங்க ஏறணும், எங்க அமைதியா விடணும்னு எப்படி முடிவு பண்றது? எனக்கு சங்கீதம் தெரியாது, சில ஷாட் இன்னும் முடியல."

சங்கீதம் தெரியாதது பிரச்சினையே இல்ல, ராகம் பேரு ஒண்ணும் அங்க தேவைப்படாது. அந்த ரூம்ல நீங்க சொல்ல வேண்டியது கதை மட்டும்தான், இந்த இடத்துல யாரு என்ன நினைக்கிறாங்க, யாருக்கு என்ன தெரியும், யாருக்குத் தெரியாதுன்னு. நான் மியூசிக் எடிட்டரா வேலை பார்க்கிறேன், ஸ்பாட்டிங்ல பக்கத்துல உட்கார்ந்து நோட்ஸ் எழுதுறது என் வேலை. பொதுவா சொன்னா உங்களுக்கு உதவாது, அதனால கிட்டத்தட்ட உங்க படம் அளவுக்கே இருந்த ஒரு படத்தை வச்சு சொல்றேன், ஒன்பதரை நிமிஷம், உப்பளத்துல நடக்கிற கதை. ஒரு சின்னப் பொண்ணு, அவ அப்பா, ஒரு கொக்குக் குஞ்சு. குஞ்சை அவ அப்பாவுக்குத் தெரியாம ஓலைப் பெட்டியில ஒளிச்சு வளர்க்கிறா, கடைசியில பறக்க விடுறா, அவ்வளவுதான் கதை.

முதல்ல உட்காருறதுக்கு முன்னாடி செய்ய வேண்டியது. எடிட் பண்ணின படத்தை டைம்கோட் திரையிலயே தெரியுற மாதிரி போட்டு மூணு நாலு நாள் முன்னாடியே மியூசிக் டைரக்டருக்கு அனுப்பிடுங்க. டைம்கோட்ல மணி, நிமிஷம், செகண்ட், ஃப்ரேம்னு வரிசையா வரும், எங்க படத்துல முதல் ஃப்ரேம் 01:00:00:00ல ஆரம்பிச்சது, அதுக்கு ரெண்டு செகண்ட் முன்னாடி, 00:59:58:00ல ஒரு பீப். அந்த பீப்பை வச்சுத்தான் பின்னாடி மியூசிக்கும் படமும் ஒரே இடத்துல நிக்குதான்னு எல்லாரும் பார்ப்பாங்க. இதைவிட முக்கியம், எடிட்டர் தற்காலிகமா போட்டு வச்சிருக்கிற டெம்ப் மியூசிக்கை டயலாக் கூட கலந்து அனுப்பாதீங்க, தனி ட்ராக்கா அனுப்புங்க. நீங்க அதே டெம்பை ஆறு மாசமா கேட்டுட்டு இருக்கீங்க, அது உங்க காதுல ஒட்டிப்போச்சு, அது எங்க ஆரம்பிக்குதோ அதுதான் சரியான இடம்னு உங்களுக்குத் தோணும். ஸ்பாட்டிங் அன்னைக்கு முதல் தடவை டெம்பை மூடிட்டு, படத்தை நிறுத்தாம முழுசா ஒரு தடவை ஓட்டுங்க. யாரும் பேசக்கூடாது. அதுக்கப்புறம்தான் நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறது. சவுண்ட் டிசைனரையும் கண்டிப்பா கூப்பிடுங்க, ஏன்னு பின்னாடி வருது, நாங்க கூப்பிடாம விட்டு அதுக்கு நல்லா அனுபவிச்சோம்.

இப்ப மியூசிக் உள்ள வர்ற இடம். எங்க படத்துல டைரக்டர் முதல் ஃப்ரேம்லயே புல்லாங்குழல் போட்டிருந்தார் டெம்ப்ல. விடியற்காலை, உப்பளம், காத்து, தூரத்துல பம்ப் மோட்டார் ஓடுது, அப்பா பாத்தியில உப்பு வாருறார். அழகான ஷாட்டுங்கதான். மியூசிக் டைரக்டர் கேட்டது ஒரே கேள்வி, "இங்க மியூசிக் என்ன சொல்லணும், அந்த மோட்டார் சத்தம் சொல்லாததை?" டைரக்டர்கிட்ட பதில் இல்ல. சரின்னு புல்லாங்குழலை எடுத்துட்டுப் பார்த்தோம், அந்த இடமே வேற மாதிரி ஆயிடுச்சு, வெயில் ஏறப் போகுது, வேலை ஆரம்பிச்சாச்சு, இது இவங்களோட தினசரி நாள்னு காதே சொல்லிடுச்சு. இன்னொண்ணு, முதல் ஃப்ரேம்லயே மியூசிக் ஓடிட்டிருந்தா அடுத்து மியூசிக் வர்றதுன்னு ஒரு விஷயமே இல்ல, ஏற்கெனவே இருக்கிறது மாறுது, அவ்வளவுதான். பார்க்கிறவனுக்கு ஏதோ புதுசா நடந்துச்சுன்னு தோணாது. அதனால கிட்டத்தட்ட ரெண்டு நிமிஷத்துக்கு மியூசிக்கே இல்லாம விட்டோம்.

முதல் கியூ, அதாவது உள்ள வந்து வெளிய போற ஒரு மியூசிக் துண்டு, நோட்ஸ்ல அதை 1m1னு எழுதுவோம், முதல் ரீல், முதல் மியூசிக்னு அர்த்தம், உங்க படம் ஒரே ரீல்ங்கிறதால 1m1, 1m2, 1m3ன்னு போயிட்டே இருக்கும். அவ குஞ்சைப் பார்க்கிற இடம். உப்பு அம்பாரத்தை மூடி வச்சிருக்கிற பனை ஓலைக்கு அடியில குஞ்சு கிடக்குது. 01:01:46:10ல குஞ்சுக்கு கட் ஆகுது, டெம்ப் மியூசிக் அந்த கட்லயே ஆரம்பிச்சுது. யாரா இருந்தாலும் முதல்ல அங்கதான் வைப்பாங்க. ஆனா அங்க மியூசிக் வந்தா அது சொல்றது "பாரு, குஞ்சு, பாவம்"ங்கிறது மட்டும்தான், அதைப் படமே சொல்லிடுச்சு. ஷாட்டை இன்னும் கொஞ்சம் ஓட விட்டுப் பார்த்தோம். அவ குஞ்சைப் பார்க்கிறா, அப்புறம் திரும்பி தூரத்துல அப்பாவைப் பார்க்கிறா, அப்பா பார்க்கலைன்னு தெரிஞ்சதும் மறுபடி குஞ்சு பக்கம் திரும்புறா, அந்தத் திரும்பல் முடியுற இடம் 01:01:53:04. மியூசிக் டைரக்டர் அங்கதான் விரலை வச்சார். கட்டுல இருந்து 6 செகண்ட் 18 ஃப்ரேம் தள்ளி. இப்ப மியூசிக் குஞ்சைப் பத்திப் பேசல, அவ மனசுல எடுத்த முடிவைப் பத்திப் பேசுது, ஒளிச்சு வைக்கப் போறாங்கிறது அவ கை நகர்றதுக்கு முன்னாடியே நமக்குத் தெரியுது. அந்த ரகசியம்தான் மொத்தப் படமும்.

அதனால எங்க எல்லாம் மியூசிக் வரணும்னு தோணுதோ அங்க எல்லாம் அது நடக்கிற இடமா, இல்ல அதைப் பாத்து ஒருத்தர் மனசு மாறுற இடமான்னு பாருங்க. ரெண்டாவதைத் தேடிப் பிடிங்க, பெரும்பாலும் ஒரு பார்வை முடியுற ஃப்ரேம்ல இருக்கும். அனிமேஷன்ல இதுல ஒரு வசதி, அந்தப் பார்வையை யாரோ ஒருத்தர் கையால வரைஞ்சிருக்காங்க, எந்த ஃப்ரேம்ல கண்ணு திரும்புது, எந்த ஃப்ரேம்ல நிக்குதுன்னு அனிமேட்டருக்கே தெரியும், ஒரு போன் போட்டுக் கேட்டா சொல்லிடுவார்.

நோட்ஸ்ல வெறும் டைம்கோட் மட்டும் எழுதாதீங்க. நான் எழுதினது இப்படி இருந்துச்சு: 1m1, உள்ள 01:01:53:04, மெதுவா, தெரியாம வரணும், "அப்பாவுக்குத் தெரியக்கூடாது"ங்கிற உணர்வு, பாவம்ங்கிற உணர்வு வேண்டாம், வெளிய 01:02:31:00, அப்பா கூப்பிடுற குரல் கேட்டதும் சட்டுனு. இதுல அந்த "வேண்டாம்"தான் மியூசிக் டைரக்டருக்கு ரொம்ப உதவுச்சுன்னு அவரே பின்னாடி சொன்னார்.

அடுத்து நடை. அவ பெட்டியைத் தூக்கிட்டு வரப்புல நடக்கிறா, எங்க படம் செகண்டுக்கு 24 ஃப்ரேம், அனிமேட்டர் ஒரு அடிக்கு 12 ஃப்ரேம் வச்சிருக்கார், அதாவது அரை செகண்டுக்கு ஒரு அடி. டெம்ப்ல இருந்த பாட்டு நிமிஷத்துக்கு 120 பீட், அதுவும் சரியா 12 ஃப்ரேமுக்கு ஒரு பீட். ஒவ்வொரு அடிக்கும் ஒரு தட்டு, பார்க்க டைரக்டருக்கு ரொம்ப சந்தோஷம், எல்லாம் பொருந்துதேன்னு. ஆனா பத்து செகண்ட் தாண்டினதும் அவ நடக்கிற மாதிரி இல்ல, மியூசிக் அவளைச் சாவி கொடுத்து ஓட்டுற மாதிரி ஆயிடுச்சு. பழைய கார்ட்டூன்ல இது வேணும்னே செய்வாங்க, அதுக்கு மிக்கி மவுசிங்னே பேரு, அங்க தாளத்தை முதல்ல முடிவு பண்ணி சார்ட்ல எழுதிட்டு அதுக்கு ஏத்த மாதிரி வரைவாங்க, சிரிப்புக்கு அது பிரமாதமா வேலை செய்யும். பயந்து பயந்து நடக்கிற பொண்ணுக்கு அது ஆகாது.

மியூசிக் டைரக்டர் 96க்கு இறக்கினார். 96ல ஒரு பீட்டுக்கு 15 ஃப்ரேம். அடி 12 ஃப்ரேம், பீட் 15 ஃப்ரேம், ரெண்டும் 60 ஃப்ரேமுக்கு ஒரு தடவைதான் சந்திக்கும், அது நாலு பீட், அதாவது ஒவ்வொரு தாளச் சுத்தோட தொடக்கம். நடுவுல எல்லாம் கால் தனியா, மியூசிக் தனியா போகுது, ரெண்டரை செகண்டுக்கு ஒரு தடவை தொட்டுட்டு விலகுது. பார்க்கிறவங்களுக்கு இந்தக் கணக்கு எதுவும் தெரியாது, ஆனா அவ அவளா நடக்கிறாள்னு தோணும். உங்க படத்துல நடை, ஓட்டம், தட்டுற மாதிரி எது இருந்தாலும் அனிமேட்டர்கிட்ட ஒரு சுத்துக்கு எத்தனை ஃப்ரேம்னு கேட்டு அதையும் ஸ்பாட்டிங் நோட்ஸ்ல போட்டுருங்க.

முடியாத ஷாட்டுங்களைப் பத்திக் கேட்டீங்க, இங்கதான் அனிமேஷன் ஸ்பாட்டிங் சாதாரண படத்துல இருந்து பிரியுது. மியூசிக் படத்தோட சரியா ஒரு ஃப்ரேம்ல சேர வேண்டிய ஒவ்வொரு ஹிட் பாயின்ட் பக்கத்துலயும் அந்த ஷாட் என்ன நிலைமைல இருக்குன்னு எழுதுங்க, முடிஞ்சதா, முக்கிய போஸ் மட்டும் வச்ச ப்ளாக்கிங்கா, வெறும் லேஅவுட்டா. ப்ளாக்கிங்ல இருக்கிற ஷாட்ல எந்த ஃப்ரேமையும் குறி வச்சு மியூசிக் அடிக்கச் சொல்லாதீங்க. எங்க படத்துல அவ ஓடி வந்து வழுக்கி நிக்கிற ஷாட் ப்ளாக்கிங்ல இருந்துச்சு, ஸ்பாட்டிங் முடிஞ்சு ரெண்டு வாரம் கழிச்சு அனிமேட்டர் அந்த வழுக்கலை 18 ஃப்ரேம் நீட்டினார், நல்லாத்தான் இருந்துச்சு, முக்கால் செகண்ட்தானேன்னு யாரும் கண்டுக்கல. 96ல அது ஒரு பீட்டுக்கு மேல, அதுக்கப்புறம் வர்ற ஹிட் எல்லாம் தள்ளிப்போச்சு. நல்லவேளை அந்த ஷாட் முடியலன்னு நோட்ஸ்ல இருந்ததால மியூசிக் டைரக்டர் அந்த இடத்துல தாளமே இல்லாம ஒரே சுரத்தை நீட்டிப் பிடிச்சு வச்சிருந்தார், அந்தச் சுரத்தை இன்னும் முக்கால் செகண்ட் நீட்டினோம், முடிஞ்சுது. தாளம் ஓடிட்டிருந்தா அந்தக் கியூவையே திரும்ப எழுதி திரும்ப ரெக்கார்ட் பண்ணணும். அதனால முடியாத ஷாட் வர்ற இடத்துல எல்லாம் "இங்க இழுத்துக்கலாம்"னு ஒரு இடம் கேட்டு வாங்கி வச்சுக்கோங்க. ஸ்பாட்டிங்குக்கு அப்புறம் ஒரு ஃப்ரேம் மாறினாலும் எந்த டைம்கோட்ல எத்தனை ஃப்ரேம் கூடுச்சு, குறைஞ்சுதுன்னு ஒரு வரி எழுதி அனுப்பிடுங்க, புது வீடியோவை மட்டும் அனுப்பி அவரையே தேட விடாதீங்க.

மியூசிக் ஏறுற இடம். இங்க எல்லாரும் செய்யுற தப்பு, உச்சம் எங்கன்னு மட்டும் குறிக்கிறது, ஏற்றம் எங்க ஆரம்பிக்குதுன்னு குறிக்காம விடுறது. உச்சத்துக்குப் போக மியூசிக்குக்கு ஓட்டம் வேணும், எங்க படத்துல அதுக்கு 12 செகண்ட் தேவைப்பட்டுச்சு, அந்த 12 செகண்டுக்குள்ள என்னென்ன இருக்குன்னு பார்க்கணும்.

கடைசி சீன். அவ பெட்டியைத் திறக்கிறா, அப்பா மெதுவா "விட்ரும்மா"ங்கிறார், கொக்கு இறக்கையை விரிச்சு எழும்புது, அப்புறம் அவளோட காலிக் கைக்கு ஒரு க்ளோஸப். டைரக்டர் இறக்கை விரியுற ஃப்ரேம்ல உச்சம் கேட்டார், 01:08:10. மியூசிக் டைரக்டர் படத்தை நிறுத்திட்டு, "இது கொக்கு ஜெயிக்கிற படமா, இவ இழக்கிற படமா?"ன்னு கேட்டார். ரூம்ல கொஞ்ச நேரம் யாரும் பேசல, அந்தக் கேள்விக்கு டைரக்டர் ஒருத்தர்தான் பதில் சொல்ல முடியும். இவ படம்னு சொன்னார். அப்ப உச்சம் அந்தக் கைக்குப் போகணும், 01:08:14. நாலு செகண்ட் தள்ளிப் போச்சு, அதோட வேலையும் மாறிடுச்சு. இறக்கை விரியும்போது மியூசிக் இன்னும் ஏறிட்டுதான் இருக்கு, முடியல, கொக்கு ஃப்ரேமை விட்டுப் போனதுக்கு அப்புறம்தான் அது உடைஞ்சு கொட்டுது, அந்த நேரத்துல திரையில இருக்கிறது வெறும் கை. அதோட இறக்கைச் சத்தத்துக்கும் இடம் கிடைச்சுது, முதல் ரெண்டு செகண்ட் இறக்கை தெளிவா கேட்கும். உச்சத்தை அங்கயே வச்சிருந்தா இறக்கைச் சத்தம் உள்ள புதைஞ்சு போயிருக்கும்.

ஆனா உச்சம் 01:08:14ல இருந்தா ஏற்றம் 01:08:02ல ஆரம்பிக்கணும், அப்பாவோட "விட்ரும்மா" சரியா 01:08:04ல இருக்கு. மொத்தப் படத்துலயும் முக்கியமான வார்த்தை, அதுவும் தாழ்ந்த குரல்ல. ஆம்பளைக் குரல் இருக்கிற அதே உயரத்துல செல்லோ மாதிரி வாத்தியம் ஏறினா குரலை மூடிடும், மிக்ஸ்ல மியூசிக்கை இறக்க வேண்டி வரும், ஏறவேண்டிய இடத்துல இறக்கினா ஏற்றமே செத்துடும். அதனால டயலாக் தொடங்குற, முடியுற டைம்கோட் ரெண்டையும் நோட்ஸ்ல எழுதிக் கொடுத்தேன், அந்த ஒன்றரை செகண்ட் மட்டும் மேல் சுரத்துல மெல்லிசா வயலின் நின்னுச்சு, வார்த்தை முடிஞ்சதும் கீழ இருக்கிறது எல்லாம் உள்ள வந்துச்சு. உங்க படத்துலயும் ஒவ்வொரு ஏற்றத்துக்கும் உச்சத்துல இருந்து பின்னாடி எண்ணிப் பாருங்க, நடுவுல வார்த்தை மாட்டுதான்னு.

கடைசியா அமைதி, இதுலதான் நாங்க தப்புப் பண்ணினோம்.

அப்பா சைக்கிள்ல இருக்கிற ஓலைப் பெட்டி மூடியைத் தூக்கிப் பார்க்கிற இடம், 01:05:31ல இருந்து 14 செகண்ட். மியூசிக் வேண்டாம்னு எல்லாரும் ஒத்துக்கிட்டோம், நோட்ஸ்ல நான் எழுதினது "மியூசிக் இல்ல", அவ்வளவுதான். அப்ப சவுண்ட் டிசைனர் ரூம்ல இல்ல, அவர் நோட்ஸைப் பார்த்துட்டு அங்க எதுவுமே வேண்டாம் போலன்னு வெறும் மூடிச் சத்தம் மட்டும் போட்டார். மிக்ஸ்ல ஓட்டினப்ப அந்த 14 செகண்ட் அப்படியே செத்துப் போச்சு. சாதாரண படத்துல மியூசிக்கை எடுத்தாலும் ஷூட்டிங் நடந்த இடத்தோட காத்து, தூரத்து வண்டி எல்லாம் லொகேஷன் ட்ராக்ல இருக்கும். அனிமேஷன்ல குரலை பூத்துல ரெக்கார்ட் பண்றோம், மத்தது எல்லாம் யாராவது கையால வச்சாத்தான் உண்டு, வைக்கலைன்னா அங்க ஒண்ணுமே இல்ல, பூஜ்யம். படம் தெரியாத நாலு பேருக்குப் போட்டுக் காட்டினோம், அந்த இடம் வந்ததும் ரெண்டு பேர் திரும்பி ஸ்பீக்கரைப் பார்த்தாங்க. அமைதி வேலை செய்யலைன்னு கண்டுபிடிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது, அமைதி சரியா இருந்தா அவங்க திரையை இன்னும் உத்துப் பார்ப்பாங்க.

அவசரத்துல பின்னணியில நீளமா நிக்கிற ஒரு மெல்லிய சுரத்தைப் போட்டு நிரப்பினாங்க, அதுவும் ஆகல, அப்பா கோவப்படுவாரா மாட்டாராங்கிற தவிப்பை மியூசிக் முன்கூட்டியே ஆத்திடுச்சு. அப்புறம்தான் மியூசிக் டைரக்டரும் சவுண்ட் டிசைனரும் ஒண்ணா உட்கார்ந்தாங்க. படத்தோட ஆரம்பத்துல இருந்தே பின்னாடி ஓடிட்டிருக்கிற அந்த பம்ப் மோட்டாரை, மூடி தூக்குறதுக்கு ஒரு செகண்ட் முன்னாடி நிறுத்தினாங்க. அதுவரைக்கும் மோட்டார் ஓடுதுன்னே யாருக்கும் நினைப்பு இல்ல, நின்னதும் காது அப்படியே விரிஞ்சுது. அப்புறம் காத்து, ஓலை லேசா உரசுறது, ஸ்டாண்ட் போட்ட சைக்கிள் சக்கரம் டிக் டிக்னு சுத்தி நிக்கிறது, குஞ்சு ஒரே ஒரு தடவை கீச்சுங்கிறது. அவ்வளவுதான் 14 செகண்டும்.

இன்னொரு சின்ன விஷயம், அமைதிக்கு முன்னாடி வர்ற கியூ எங்க முடியுதுன்னு எழுதும்போது ரெண்டு நேரம் எழுதணும், கடைசி சுரம் அடிக்கிற நேரம் ஒண்ணு, அதோட ரீங்காரம் அடங்குற நேரம் ஒண்ணு. எங்களுக்கு ரெண்டுக்கும் நடுவுல மூணு செகண்ட் இருந்துச்சு, முதல்ல அதைக் கவனிக்காம விட்டதால அமைதியோட முதல் மூணு செகண்டை எதிரொலி தின்னுடுச்சு. கடைசி சுரத்தை முன்னாடி நகர்த்தினோம். இப்ப நான் எழுதுற நோட்ஸ்ல அமைதிக்கும் மியூசிக் கியூ மாதிரியே ஒரு பேரு, உள்ள, வெளிய, என்ன கேட்கணும், எது நிக்கணும், யாரு பொறுப்புன்னு எல்லாம் இருக்கும்.

காது பழக்க ஒரு வழி சொல்றேன். 1986ல வந்த ஜப்பான் அனிமேஷன் படம், ஜிப்லி ஸ்டூடியோவோட லபுட்டா, காசில் இன் த ஸ்கைனு இங்கிலீஷ்ல சொல்வாங்க, மியூசிக் ஜோ ஹிசைஷி. பின்னாடி டிஸ்னி இங்கிலீஷ் டப்பிங் பண்ணினப்ப அவரே உட்கார்ந்து மியூசிக்கை நீட்டி, ஜப்பான் பதிப்புல சும்மா விட்டிருந்த இடங்கள்லயும் மியூசிக் போட்டார். அதே படம், அதே மியூசிக் டைரக்டர், ரெண்டு ஸ்பாட்டிங். ரெண்டையும் தேடி எடுத்து ஒரே சீனை மாத்தி மாத்திப் பாருங்க, மியூசிக் இல்லாத பதிப்புல உங்க கண்ணு திரையில எங்க போகுது, இருக்கிற பதிப்புல எங்க போகுதுன்னு கவனிங்க. எனக்கு ஜப்பான் பதிப்புதான் பிடிக்கும், அந்த இடங்கள்ல வானத்தோட உயரம் தெரியும்.

எங்க படத்துல ஸ்பாட்டிங்குக்கு முன்னாடி டெம்ப் மியூசிக் 7 நிமிஷம் 40 செகண்ட் இருந்துச்சு, முடிஞ்சு வெளிய வந்தப்ப 4 நிமிஷம் 50 செகண்ட். மியூசிக் டைரக்டர் கம்மியா எழுத வேண்டி வந்ததேன்னு வருத்தப்படல, அந்த மிச்ச நேரத்தைக் கடைசி சீனுக்கு நிஜ வயலின் வாசிக்கிறவங்களைக் கூப்பிட செலவு பண்ணினார். உங்க மூணு முக்கியமான இடத்தோட டைம்கோட், டயலாக், ஷாட் நிலைமை எல்லாம் இங்க எழுதினீங்கன்னா பார்த்துட்டு சொல்றேன்.